ஒவ்வொரு பட்டனுக்கும் ஒப்புதல் கேட்கும் மேலாளரிடம் வேலை பார்ப்பது

கேள்வி: திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன் வந்த மேலாளர் எங்கள் ஐந்து பேரில் ஒருவரையும் நம்புவதில்லை. பையருக்குப் போகும் ஒவ்வொரு மெயிலையும் அவர் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். லேபிள், பட்டன் வாங்கக்கூட அவர் ஒப்புதல் வேண்டும். டையிங்கில் நாங்கள் பேசி முடித்ததை அவர் மறுபடியும் போன் போட்டு விசாரிக்கிறார். வேலையை விட மனமில்லை. இவரிடம் எப்படி வேலை பார்ப்பது?

பதில்:

நீங்கள் சொல்லும் நாற்காலியில் 2013 முதல் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் நானும் உட்கார்ந்திருந்தேன். எங்கள் குழுவில் நான்கு பேர்; மேலாளர் உங்கள் மேலாளரின் அண்ணன் என்று சொன்னால் நம்பிவிடுவீர்கள். முதல் நான்கு மாதங்கள் நான் செய்தது ஒரே ஒரு காரியந்தான்: எங்கள் வேலையில் தவறில்லை என்று அவரிடம் நிரூபிக்க முயன்றேன். தேதி தவறாமல் போன இரண்டு ஷிப்மெண்டுகளைக் காட்டி, இனியாவது எங்களை எங்கள் போக்கில் விடலாமே என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை, "நான் ஒவ்வொன்றையும் பார்த்ததனால்தான் அவை சரியாகப் போயின" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால் உங்களிடமும் இருக்காது.

இந்தச் சிக்கலைச் சோதனை செய்து காட்டியவர் லாயிட் ஸ்ட்ரிக்லேண்ட் என்ற உளவியலாளர். 1958இல் வெளிவந்த அவருடைய ஆய்வில், மேற்பார்வையாளர் ஒருவருக்குக் கீழே இரண்டு பேர் வேலை செய்வதாக ஏற்பாடு. ஒருவரை அடிக்கடியும் மற்றவரை எப்போதாவது மட்டுமே கண்காணிக்கும்படி சூழ்நிலையே அமைக்கப்பட்டிருந்தது. அது மேற்பார்வையாளரின் விருப்பத்தில் நடந்ததன்று. இருவரும் ஒரே அளவு வேலையைத்தான் செய்து கொடுத்தார்கள். பிறகு கேட்டபோது, குறைவாகக் கண்காணிக்கப்பட்டவர்மீதுதான் நம்பிக்கை அதிகமாக இருந்தது. யாரைக் கண்காணிப்பது என்று தாமே முடிவு செய்யலாம் என்றபோது, முன்பு அடிக்கடி கண்காணித்தவரையே மீண்டும் கண்காணித்தார்கள். அடிக்கடி பார்க்கப்பட்டவர் ஒழுங்காக வேலை செய்தால் அது மேற்பார்வையின் பலனாகத் தெரிகிறது. பார்க்கப்படாதவர் அதையே செய்தால் அது அவருடைய சொந்த ஒழுங்காகத் தெரிகிறது.

இதை உங்கள் அலுவலகத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மெயிலும் அவர் கண்பட்ட பிறகே போகும்வரை, அவர் பார்க்காவிட்டாலும் நீங்கள் சரியாக எழுதுவீர்கள் என்பதற்கு அவரிடம் சான்றே சேராது. எட்டு மாதங்கள் அல்ல, எட்டு ஆண்டுகள் நீங்கள் தவறில்லாமல் வேலை செய்தாலும் சேராது. எனவே உங்கள் இலக்கு அவருடைய மனத்தை மாற்றுவது அன்று. அவர் முன்கூட்டிப் பார்க்காத ஒரு வேலை, பார்க்காமலேயே சரியாக நடந்திருப்பதை அவர் பிறகு தாமே சோதித்துக் காண வேண்டும். அத்தகைய வேலைகளைச் சிறிது சிறிதாக உண்டாக்குவதே உங்கள் இலக்கு. நான் இனிச் சொல்வதெல்லாம் அதற்கான வழிதான்.

அதற்கு முன், அவர் எதை நம்பவில்லை என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். "எங்களை நம்பவில்லை" என்று மொத்தமாகச் சொல்வது ஆற்றாமையில் வருவது. அதில் உண்மை இருந்தாலும் உங்களுக்கு அதனால் பயனில்லை. என் மேலாளரின் கதை எனக்குத் தற்செயலாகத்தான் தெரிய வந்தது. 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். துணியை வெளியூருக்கு ஏற்றி அனுப்பிச் சாயம் போட்டு வாங்கிய காலம் அது. அப்போது வேறொரு நிறுவனத்தில் இருந்த இவரிடம், துணி எங்கே நிற்கிறது என்று கேட்டபோதெல்லாம் அவருடைய மெர்ச்சண்டைசர் "நாளைக்கு வந்துவிடும் சார்" என்றே சொல்லி வந்திருக்கிறார். அந்த நாளை வரவே இல்லை. சரக்கு கடைசியில் கப்பலுக்குப் பதிலாக விமானத்தில் போயிற்று. அந்தச் செலவில் ஆர்டரின் லாபமும் கரைந்து, அவர் பெயரும் கெட்டது. அன்றிலிருந்து டையிங்குக்குத் தாமே போன் போடாமல் அவரால் தூங்க முடியவில்லை. எங்கள் திறமையைப் பற்றி அவருக்குப் பெரிய சந்தேகம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கெட்ட செய்தி தம் காதுக்கு உரிய நேரத்தில் வந்து சேரும் என்பதில்தான் அவருக்கு நம்பிக்கை இல்லை.

இதில் நம் பக்கத்துத் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும், உங்களுக்குக் கசக்கலாம். திருப்பூரில் நிட்டிங்காரரும், டையிங்காரரும், பிரிண்டிங்காரரும் "நாளைக்கு ஆகிவிடும்" என்று சொல்வது வணக்கம் சொல்வதைப் போன்றது. அதை வாங்கி அப்படியே மேலே கொடுக்கிற மெர்ச்சண்டைசர், பிறர் வாக்கைத் தம் வாக்காக மாற்றிவிடுகிறார். மூன்று நாள் தொடர்ந்து "நாளை" என்று கேட்கும் மேலாளருக்குப் பொய் சொன்னவர் டையிங்காரரா நீங்களா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. ஆகவே எங்கள் நால்வருக்குள் ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டோம். கண்ணால் பார்த்ததை ஒரு விதமாகவும் கேட்டதை வேறு விதமாகவும் சொல்வோம். "இன்று 11 மணிக்கு நேரில் பார்த்தேன், நேவி நிறம் 300 கிலோ காம்பாக்டிங்கில் நிற்கிறது" என்பது ஒரு வகைச் செய்தி. "சிவப்பு நாளை மாலை வரும் என்று டையிங்கில் சொல்கிறார்கள், நான் இன்னும் பார்க்கவில்லை" என்பது இன்னொரு வகை. இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு ஏறத்தாழ மூன்று வாரங்களில், எங்கள் வாயிலிருந்து "பார்த்தேன்" என்று வந்த விஷயங்களுக்கு அவர் மறுபடியும் போன் போடுவது குறைந்தது. "சொல்கிறார்கள்" என்று வந்தவற்றுக்குத் தொடர்ந்து போட்டார். அது நியாயந்தான்.

அவர் எந்த நேரத்தில் கேட்கிறார் என்பதையும் கவனியுங்கள். சில மேலாளர்கள் தமக்குள் இருக்கும் அச்சத்தால் குடைவார்கள். சிலர் தமக்கு மேலே இருப்பவர் குடைவதைக் கீழே இறக்கிவிடுவார்கள். எங்கள் மேலாளர் காலை 11 மணிக்கும் மாலை 5 மணிக்கும் தவறாமல் சுற்றி வந்து நிலவரம் கேட்பார். ஏன் அந்த நேரம் என்று பல மாதங்கள் எங்களுக்கு விளங்கவில்லை. முதலாளி யூனிட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போன் செய்யும் நேரம் 10:45 என்பதைத் தொலைபேசி எடுக்கும் அக்கா ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் விளங்கியது. அதற்குப் பிறகு காலை 10:15க்குள் அன்றைய நிலவரத்தை ஒரே பக்கத்தில் அவர் மேசையில் வைக்கத் தொடங்கினேன். முதலாளி என்ன கேட்பார் என்பது எல்லோருக்கும் தெரியும்: எந்த ஆர்டர் தேதி தவறப் போகிறது, எதற்குப் பணம் போக வேண்டும், பையரிடமிருந்து என்ன வராமல் நிற்கிறது. அந்த மூன்றையும் மட்டும் எழுதினேன். 11 மணிச் சுற்று இரண்டாவது வாரத்தில் நின்றது. 5 மணிச் சுற்று நிற்கவில்லை. அதற்குக் காரணம் முதலாளி அல்லர், அவரே. இப்படிக் காரணங்களைத் தனித்தனியாகப் பிரித்தால்தான் எதற்கு மருந்து இருக்கிறது, எதற்கு இல்லை என்று தெரியும்.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். ஒப்புதல் வாங்குகிற வழக்கத்தைக் குறைக்கச் சொல்லி அவரிடம் கேட்பதற்கு முன்னால், இரண்டு வாரங்கள் ஒரு நீள நோட்டில் கணக்கு எழுதுங்கள். என்ன ஒப்புதல் கேட்டீர்கள், எத்தனை மணிக்குக் கேட்டீர்கள், எத்தனை மணிக்குக் கிடைத்தது, அவர் எதையாவது மாற்றினாரா என்று நான்கு பத்திகள் போதும். எங்கள் நோட்டில் பன்னிரண்டு வேலைநாட்களில் 71 ஒப்புதல்கள் இருந்தன. அவற்றில் ஆறில்தான் அவர் எதையாவது மாற்றியிருந்தார். அந்த ஆறில் நான்கு விலை, எண்ணிக்கை, தேதி சம்பந்தப்பட்டவை. அவர் மாற்றியது சரியே என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. மற்ற இரண்டு, மெயிலில் வார்த்தை மாற்றம். இந்தக் கணக்கு அவருக்கு எதிரான குற்றப்பத்திரிகை அன்று. அவருடைய கண் எங்கே உண்மையில் தேவைப்படுகிறது என்பதை அதுவே உங்களுக்குக் காட்டிக் கொடுக்கும்.

தாமதத்தின் விலையும் அந்த நோட்டிலேயே தெரிந்தது. எங்கள் பையர் ஜெர்மனியில் இருந்தார். கோடைக்காலத்தில் அவர்களுக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அவர்கள் காலை 9 மணிக்கு வந்து உட்காரும்போது இங்கே பகல் 12:30. சாயம் போட்டுப் பார்த்த மாதிரித் துணியான லேப் டிப் பற்றிப் பகல் 12 மணிக்கு நான் எழுதி முடித்த மெயில், மேலாளர் பார்த்து மாலை 7 மணிக்குப் போனால் அங்கே பிற்பகல் 3:30. ஷேடை விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்துப் பதில் எழுத அன்றைக்கு அவர்களுக்கு நேரமிருக்காது. பதில் மறுநாள்தான் வரும். இதே மெயில் வெள்ளிக்கிழமை என்றால் பதில் திங்கட்கிழமைக்குப் போய்விடும். ஓர் ஆர்டரில் லேப் டிப், ஃபிட் சாம்பிள், பிபி சாம்பிள், லேபிள் ஆர்ட்வொர்க் என்று நான்கு இடங்களில் இப்படி ஒவ்வொரு நாள் போனாலே நான்கு நாள் தொலைந்தது. தாமதத்துக்குப் பயந்துதான் அவர் எல்லாவற்றையும் தம்மிடம் நிறுத்துகிறார். அப்படி நிறுத்துவதனாலேயே தாமதம் வருகிறது. ஆனால் இந்த வாக்கியத்தை அவரிடம் நீங்கள் சொல்லிவிடக் கூடாது. மெயில் எழுதிய நேரத்தையும் போன நேரத்தையும், ஆர்டரின் ஒவ்வொரு வேலைக்கும் தேதி குறிக்கும் டி.என்.ஏ. ஷீட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள், அவரே படித்துக்கொள்வார்.

அடுத்து, எந்த வேலையைத் திரும்பப் பெற முடியும், எதைப் பெற முடியாது என்று பிரித்தேன். நம் தொழிலில் இது மிகத் தெளிவான கோடு. நூல் புக் செய்துவிட்டால் பணம் போயிற்று. துணியைச் சாயத்தொட்டியில் போட்டுவிட்டால் ஷேடு போயிற்று. கத்தரி வைத்துவிட்டால் துணியே போயிற்று. இந்த மூன்றுக்கும் முன்னால் மேலாளர் நிற்பது நியாயம். நான் மேலாளராக இருந்தாலும் நிற்பேன். லேபிள், பட்டன், பாலிபேக், ஸ்டிக்கர், அட்டைப்பெட்டி, சாம்பிள் கூரியர், தகவல் கேட்டுப் போகும் மெயில் ஆகியவை தவறினால் சில ஆயிரம் ரூபாயோ இரண்டு மூன்று நாளோ இழப்பு, அவ்வளவுதான். 71 ஒப்புதல்களில் ஐம்பதுக்கு மேல் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

அவரிடம் இதைச் சொன்ன விதத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் விஷயத்தைவிட விதத்தில்தான் பலர் தோற்கிறார்கள். கூட்டத்தில் சொல்லவில்லை, மற்றவர்கள் முன்னால் விட்டுக்கொடுப்பது நம்பிக்கையில்லாத மனிதருக்கு இயலாத காரியம். மெயிலிலும் எழுதவில்லை. ஒரு நாள் இரவு எட்டு மணிக்குச் செக்கிங் பிள்ளைகளும் போன பிறகு, அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போய் உட்கார்ந்தேன். "சார், அடுத்து வரும் ரிப்பீட் ஆர்டர் ஒன்றில் மட்டும் லேபிள், பட்டன் போன்ற டிரிம்ஸை நாங்களே முடித்துவிட்டு அன்றன்றைக்கு ஷீட்டில் ஏற்றிவிடுகிறோம். நூல், பல்க் டையிங், கட்டிங் மூன்றும் நீங்கள் கையெழுத்துப் போட்ட பிறகுதான். ஷீட்டில் எந்த இரண்டு வரியை வேண்டுமானாலும் நீங்களே போன் போட்டுச் சரிபாருங்கள்" என்றேன். கடைசி வாக்கியந்தான் கதவைத் திறந்தது என்பது என் கணிப்பு. சோதிக்கும் உரிமையை அவரிடமிருந்து பிடுங்கினால் அவர் விடமாட்டார். சோதனையை வேலைக்கு முன்னாலிருந்து வேலைக்குப் பின்னால் நகர்த்துவதுதான் நாம் கேட்பது. முன்னால் நடக்கும் சோதனையில் வேலை நிற்கும். பின்னால் நடக்கும் சோதனையில், ஸ்ட்ரிக்லேண்ட் காட்டிய சான்று சேரும்.

அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, "டிரிம்ஸ் மட்டும். மெயில் கிடையாது" என்றார். அதையே எடுத்துக்கொண்டேன்.

அந்த ஆர்டர் குழந்தைகளுக்கான வட்டக் கழுத்து டி-ஷர்ட், 6,000 பீஸ், நேவி, சிவப்பு, கிரே மெலாஞ்ச் என்று மூன்று நிறம். அதே பையருக்கு முன் சீசனில் செய்தது. ரிப்பீட் ஆர்டரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. புதுப் பையர், புதுத் துணி, புது பிரிண்ட் என்று எதுவுமில்லாத இடத்தில்தான் இத்தகைய சோதனையைச் செய்ய வேண்டும். நான்காவது நாளே அவர் எங்களுக்குச் சொல்லாமல் லேபிள்காரருக்குப் போன் செய்துவிட்டார். லேபிள்காரர் எனக்குப் போன் செய்து, "என்னங்க, உங்க சாரும் கேட்கிறார், நீங்களும் கேட்கிறீர்கள், யார் சொல்வதைச் செய்ய?" என்றார். என் தம்பி வயதுள்ள ஜூனியர் ஒருவர் கொதித்துப்போனார். ஆனால் ஷீட்டில் லேபிள் டெலிவரி தேதி நேற்றே ஏறியிருந்தது. லேபிள்காரர் அவரிடம் சொன்னதும் அதே தேதிதான். அவர் எங்களை வேவு பார்த்தாலும், வேவில் கிடைத்த செய்தி ஷீட்டோடு ஒத்துப்போயிற்று. இது ஐந்தாறு முறை நடக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கோபத்தை விழுங்குவது எளிதன்று, அதை நான் மறுக்கவில்லை.

பிறகு தவறும் வந்தது. கிரே மெலாஞ்ச் நூலில் பருத்தியோடு விஸ்கோஸ் கலந்திருக்கும். ஆகவே நேவிக்கும் சிவப்புக்கும் நூறு சதவீதப் பருத்தி என்று அடிக்கும் வாஷ்கேர் லேபிளை அதற்கு வைக்க முடியாது. மெலாஞ்சுக்குத் தனி ஆர்ட்வொர்க் போக வேண்டும். எங்கள் ஜூனியர் மூன்று நிறத்துக்கும் ஒரே ஆர்ட்வொர்க்கை அனுப்பிவிட்டார். 2,000 லேபிள் தவறாக அடித்து வந்துவிட்டது. ஸ்டோரில் சரக்கு இறங்கியதும் எண்ணிப் பார்த்த பையன் கண்டுபிடித்தான். லேபிள் உடுப்பில் ஏறி, பையர் கண்டிருந்தால் அது பெரிய விஷயம். இழை விவரம் தவறான உடுப்பை அங்கே விற்க முடியாது. ஸ்டோரில் கண்டதனால் சிறிய விஷயம். பத்து நிமிடத்துக்குள் நான் அவர் அறைக்குப் போய் நான்கு செய்திகளை ஒரே மூச்சில் சொன்னேன்: என்ன தவறு, எத்தனை லேபிள், மறுபடி அடிக்க ஆகும் செலவு, புது லேபிள் வரும் தேதி. அந்தத் தேதி மெலாஞ்ச் தையலுக்குப் போகும் நாளுக்கு மூன்று நாள் முன்னால் இருப்பதையும் ஷீட்டில் காட்டினேன். ஜூனியரின் பெயரைச் சொல்லவில்லை. கேட்டபோது, "சரிபார்க்க வேண்டியவன் நான்" என்றேன்.

அவர் திட்டினார். அதோடு இரண்டு வாரங்களுக்கு லேபிள் ஆர்ட்வொர்க்கைத் தம்மிடம் திரும்ப எடுத்துக்கொண்டார். திட்டம் கவிழ்ந்துவிட்டது என்றே நினைத்தோம். ஆனால் மூன்றாவது வாரம் அவர் லேபிளைத் திருப்பித் தந்தபோது, தகவல் கேட்டு எழுதும் மெயில்களையும் சேர்த்தே விட்டார். சிசியில் தம்மை வைத்தால் போதும் என்றார். அவர் பயந்துகொண்டிருந்தது லேபிள் தவறுக்கு அன்று என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தவறு நடந்து அதை அவரிடம் மறைக்காத முதல் சந்தர்ப்பம் அவருக்குத் தேவைப்பட்டிருந்தது. இதனால் நீங்கள் வேண்டுமென்றே தவறு செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எப்படியும் ஒன்று வரும், அது வரும்போது முதல் பத்து நிமிடத்தை வீணாக்காதீர்கள்.

டையிங்காரரிடம் அவர் மறுபடி பேசுவது தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம். ஒரே வேலைக்கு இரண்டு குரல் போனால், ஜாப் ஒர்க் செய்பவர் பெரிய குரலுக்காகக் காத்திருப்பார். நீங்கள் பி ஷேடுக்கு ஒப்புதல் சொன்ன பிறகும் அவர் தொட்டியை ஏற்றாமல், "சார் சொல்லட்டும்" என்று நிற்கத் தொடங்கினால், வெளியே உங்கள் வாக்குக்கு மதிப்புப் போய்விட்டது என்று பொருள். இதை மேலாளரிடம் மனவருத்தமாகச் சொல்லாதீர்கள். "நேற்று மாலை 4 மணிக்கு ஒப்புதல் சொன்னோம், உங்கள் போனுக்காகக் காத்திருந்ததில் இன்று காலை 10 மணிக்குத்தான் ஏற்றினார்கள்" என்று மணிக்கணக்கில் சொல்லுங்கள். பல்க் டையிங் போன்ற பெரிய விஷயத்தில் அவரே பேசட்டும், ஆனால் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது ஸ்பீக்கரில் பேசட்டும் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் மேலாளர் அதற்கு ஒப்புக்கொண்டார். டையிங்காரருக்கும் ஒரே குரல் கேட்டது.

இந்த வழி எல்லோரிடமும் பலிக்காது. பலிக்காத இடம் எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அஞ்சுகிற மேலாளர் சரியாக நடந்த வேலையைக் கண்டு கொஞ்சமாவது தளர்வார். பழியிலிருந்து தப்புவதற்காகவே எல்லாவற்றையும் கையில் வைத்திருப்பவர் தளரமாட்டார். இவரிடம் காணும் அடையாளங்கள் வேறு: ஒப்புதலை எப்போதும் வாயால் மட்டும் தருவார், எழுத்தில் தரமாட்டார், பிரச்சினை வந்ததும் "நான் எப்போது சொன்னேன்?" என்பார், நீங்கள் உரிய நேரத்தில் கொண்டுபோய்ச் சொன்ன தவறை ஒரு மாதம் கழித்து முதலாளி முன்னால் எடுத்து வீசுவார். இப்படிப்பட்டவரிடம் நேர்மையாகத் தவறைச் சொல்லும் வழி உங்களையே வெட்டும். அவர் வாயால் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அன்றே இரண்டு வரி மெயில் போட்டுவிடுங்கள்: "இன்று மாலை 4 மணிக்குத் தாங்கள் கூறியபடி சிவப்பு நிறத்துக்கு பி ஷேடை உறுதி செய்து டையிங்குக்குத் தெரிவித்துள்ளேன்." விளக்கமும் வேண்டாம், நன்றியும் வேண்டாம். அவர் மறுப்பு எழுதாவிட்டால் அதுவே பதிவு.

முதலாளியிடம் போவது பற்றிக் கேட்டிருக்கவில்லை, ஆனால் ஐந்து பேரும் அதை டீக்கடையில் பேசியிருப்பீர்கள். ஐந்து பேரும் சேர்ந்து போகாதீர்கள். முதலாளிக்கு அது முறையீடாகத் தெரியாது, அணி சேர்ந்ததாகத் தெரியும். அந்த மேலாளரை எட்டு மாதங்களுக்கு முன் தேர்ந்தெடுத்தவரும் அவரே. போக வேண்டிய நிலை வந்தால் மூத்தவர் ஒருவர் மட்டும், மேலாளரின் குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், ஒரே ஆர்டரின் டி.என்.ஏ. ஷீட்டை எடுத்துப்போய் எந்தெந்தத் தேதியில் எத்தனை நாள் நின்றது என்று காட்ட வேண்டும். அதற்கு முன்னால் அதே ஷீட்டை மேலாளரிடம் ஒருமுறை காட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் சந்தேகப்பட்டது சரி என்று நீங்களே நிரூபித்தவர்களாவீர்கள்.

எவ்வளவு காலம் முயல்வது என்றால், இரண்டு ரிப்பீட் ஆர்டர்கள் முடியும்வரை என்பேன். நம் ஊரில் அது ஏறக்குறைய ஒரு சீசன். முதல் ஆர்டரில் டிரிம்ஸ், இரண்டாவதில் தகவல் மெயில்கள் என்று ஏதாவது ஒன்றேனும் உங்கள் கைக்கு வந்திருந்தால் தொடருங்கள். இரண்டும் சரியாகப் போன பிறகும் நோட்டில் ஒப்புதல்களின் எண்ணிக்கை குறையவில்லை என்றால், அது உங்களால் குறையாது. அப்போது வேலை தேடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஆர்டர் கட்டிங்கில் இருக்கும்போது எழுந்து போகாதீர்கள். ஷிப்மெண்ட் போய், பேப்பர் முடிந்து, அடுத்த சீசனின் சாம்பிள் தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் அந்த இரண்டு மூன்று வாரங்களில் நோட்டீஸ் கொடுங்கள். புது இடத்தில் நேர்காணலுக்குப் போகும்போது, இங்கே பல்க் டையிங் ஷேடை யார் உறுதி செய்கிறார், பையருக்கு மெயில் யார் பெயரில் போகிறது என்ற இரண்டு கேள்வியை நீங்களே கேளுங்கள்.

எங்கள் மேலாளர் பல்க் டையிங்கைக் கடைசிவரை விடவில்லை. நான் அந்த நிறுவனத்திலிருந்து கிளம்பிய வாரத்திலும் இரவு பத்து மணிக்கு டையிங்குக்குப் போன் போட்டுத் தொட்டி ஏறியதா என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். லேபிளைப் பற்றி மட்டும் ஓராண்டுக்கு மேலாக அவர் யாரிடமும் எதுவும் கேட்டிருக்கவில்லை.